எத்தனை பேரில் எத்தனை பேர்? அதைச் சொல்லாமல் 100 வீதம் என்று கத்தாதீர்கள்

குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை போட்டால் இரத்தம் கட்டும் என்று ஒரு பக்கத்தில் வந்த செய்தியைப் பற்றி இனி ஒரு சொல்லும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். போன கிழமை கமெண்டில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். ஆனால் நேற்று திருகோணமலை உப்புவெளிச் சந்தையில் ஒரு பிள்ளை என்னை மறித்து, "மிஸ், நான் குளிசையை நிப்பாட்டிட்டன். 100 வீதம் ரத்தம் கட்டுமாம், மாமி ஃபோனில காட்டினவ" என்றாள். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. அட்டையில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறதாம். ஆகவே எழுதுகிறேன். திட்ட வருகிறவர்கள் முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

"குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை: இரத்தக்கட்டி ஆபத்து 100 வீதம் அதிகரிப்பு." இதுதான் தலைப்பு. கீழே நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எத்தனை பேரில் எத்தனை பேருக்கு? அதற்கு வந்த பதில்களில் ஒன்றுகூட எண் இல்லை. "மிட்வைஃபுக்கு விஞ்ஞானம் எதற்கு" என்று ஒரு பெரியவர் எழுதினார். அவர் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், நன்றாகப் படித்தவர், வரிக்கு வரி வாசிக்கிறவர். அதுதான் எனக்குக் கவலை. தலைப்பைப் பார்த்து ஏமாந்தவர் மேலோட்டமாக வாசித்தவர் அல்ல. கவனமாக வாசித்தவரும் ஏமாந்தார், ஏனென்றால் தேவையான எண் அந்தச் செய்தியிலேயே இருக்கவில்லை. இல்லாததை எவ்வளவு கவனமாக வாசித்து என்ன?

சரி, எண்ணைச் சொல்கிறேன். எங்கள் ஊர் மக்கெய்சர் மைதானத்தில் 10,000 பெண்களை நிறுத்துங்கள். பிள்ளை பெறும் வயது, கர்ப்பமில்லை, ஹோர்மோன் குளிசையும் போடுவதில்லை. ஒரு வருடத்தில் அவர்களில் சுமார் 2 பேருக்குக் கால் நாளத்திலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டும். இப்போது அந்த 10,000 பேருக்கும் லெவோநோர்ஜெஸ்ட்ரல் சேர்ந்த பழைய வகைக் கூட்டுக் குளிசையை, அதாவது இரண்டு ஹோர்மோன் கலந்த குளிசையைக் கொடுங்கள். 2 பேர், 5 முதல் 7 பேர் ஆவார்கள். டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டொடீன், ட்ரொஸ்பிரெனோன் என்ற புதிய வகைகளைக் கொடுத்தால் 9 முதல் 12 பேர். இவை ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் எல்லாவற்றையும் மீளாய்வு செய்து வெளியிட்ட எண்கள். என் வீட்டு அடுப்படியில் போட்ட கணக்கில்லை.

இப்போது 100 வீதம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பழைய வகையில் ஏறக்குறைய 6, புதிய வகையில் ஏறக்குறைய 11. கிட்டத்தட்ட இருமடங்கு. ஆகவே "100 வீதம் அதிகரிப்பு". பொய் இல்லை. ஒரு எழுத்தும் பொய் இல்லை. ஆனால் 10,000 பேரில் கூடியவர்கள் 5 பேர். மைதானத்தில் நிற்கும் மற்ற 9,989 பேருக்கு அந்த வருடத்தில் ஒன்றும் கட்டவில்லை. கட்டியவர்களிலும் பெரும்பாலானோர் மருந்தால் தேறுவார்கள். உயிரிழப்பு, கட்டியவர்களில் 100க்கு ஒன்று இரண்டு.

இன்னொன்றையும் அந்தச் செய்தி விழுங்கிவிட்டது. எதோடு ஒப்பிட்டு 100 வீதம்? குளிசையே போடாதவளோடு அல்ல. வேறு வகைக் குளிசை போடுகிறவளோடு. சந்தையில் கண்ட அந்தப் பிள்ளையின் அட்டையை வாங்கிப் பார்த்தேன். அது பழைய வகை. அதாவது, தலைப்பு எச்சரித்த குளிசையை அவள் போடவேயில்லை. தலைப்பு எந்தக் குளிசையைக் குறைந்த ஆபத்துள்ளது என்று வைத்து ஒப்பிட்டதோ, அதைத்தான் அவள் நிறுத்தியிருக்கிறாள்.

"5 பேர் உயிர் இல்லையா?" என்று கேட்பீர்கள். கேட்டிருக்கிறீர்கள், ஸ்கிரீன்ஷொட் இருக்கிறது. உயிர்தான். பத்து இலட்சம் பேர் அந்தப் புதிய வகையைப் போட்டால் அது வருடத்துக்கு 500 பேர், அது சின்ன விசயமில்லை. எந்த வகையை முதலில் எழுதிக்கொடுப்பது என்று வைத்தியர்களும் அமைச்சும் யோசிக்க வேண்டிய எண் அது. அதை மறைக்கச் சொல்லவில்லை. இரண்டையும் போடுங்கள் என்கிறேன். 6 பேர் 11 பேர் ஆனார்கள் என்று எழுதினால் தலைப்புக்கு இடம் போதாதா?

"பயமுறுத்தினால்தான் சனம் கவனமாக இருக்கும்" என்கிற கூட்டத்துக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை, 1995இல் பிரித்தானியாவில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஒக்ரோபரில் அங்கிருந்த மருந்துப் பாதுகாப்புக் குழு, இந்தப் புதிய வகைகளில் டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டொடீன் குளிசைகளில் ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு என்று அவசர எச்சரிக்கை விட்டது. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அந்த "இருமடங்கை" மட்டும் தூக்கிப் பிடித்தன. அன்றைய கணக்குப்படி அது 7,000 பெண்களில் 1 என்பது 2 ஆனது. அவ்வளவுதான். பெண்கள் அட்டையைப் பாதியில் எறிந்தார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகப் பிறகு கணக்கிட்டார்கள். குழந்தையைப் பெற்றுக்கொண்டவர்கள் அதற்கு வெளியே.

இதில் மனதைச் சுடுகிற பகுதி எது தெரியுமா? கர்ப்பத்திலேயே இரத்தம் கட்டும் ஆபத்து குளிசையை விட அதிகம். 10,000 பெண்களுக்கு வருடக் கணக்கில் 5 முதல் 20. பிள்ளை பிறந்த முதல் 12 கிழமைகளில் அதே கணக்கு 40 முதல் 65 வரை போகும். இரத்தம் கட்டும் என்று பயந்து குளிசையை நிறுத்தியவள், இரத்தம் இன்னும் கூடுதலாகக் கட்டக்கூடிய நிலைக்கே போய்ச் சேர்கிறாள். பயந்து நிறுத்தி, ஒரு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினாலும் ஆபத்து மறுபடி ஏறும், ஏனென்றால் தொடங்கிய முதல் வருடம்தான் கூடுதலான காலம். இதை எந்தத் தலைப்பும் சொல்லாது.

நான் இதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவளில்லை. கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலத்தில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி அந்தப் பக்கம் போய் வேலை செய்தவள். ஒரு முறை வீட்டுத் தரிசிப்புக்குப் போன இடத்தில் ஒரு தாய், பிள்ளை பிறந்து பத்து நாள்தான், "மிஸ், இடக் கால் மட்டும் பாரமா இருக்கு" என்றா. பார்த்தால் கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி, தொட்டால் சூடு. வீட்டுக்காரர் எண்ணெய் தடவிக்கொண்டு இருந்தார்கள். பாதை அக்கரையில் நின்றது. அது திரும்பி வரும்வரை நாங்கள் கரையில் காத்திருந்த நேரத்தை நான் இன்றைக்கும் யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஊசி போட்டு, அவ பிழைத்தா. அவ வாழ்க்கையில் ஒரு குளிசையும் போட்டதில்லை. அவவைப் பற்றி ஒருவரும் தலைப்பு எழுதவில்லை.

ஆகவே "இரத்தக்கட்டியைப் பற்றி உமக்கு என்ன தெரியும்" என்று என்னிடம் கேட்டவருக்கு இதுதான் பதில். தெரியும்.

அடுத்தது, கம்பனியிடம் காசு வாங்கினேனாம். எந்தக் கம்பனி, எவ்வளவு என்றும் சொன்னால் நானே போய் வாங்கிக்கொள்கிறேன், பென்சன் காணாது. ஆனால் கம்பனிக்காரர் என்று வந்துவிட்டதால் ஒன்று சொல்கிறேன். இதே வித்தையை அவர்கள் மறுபக்கமாகச் செய்வார்கள். கொலஸ்ட்ரோலுக்கான லிப்பிட்டோர் குளிசைக்கு அமெரிக்காவில் வந்த விளம்பரத்தில் "மாரடைப்பு ஆபத்தை 36 வீதம் குறைக்கும்" என்று பெரிய எழுத்து. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே பொடி எழுத்தில், மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் 100க்கு 3 பேருக்கு மாரடைப்பு, மருந்து எடுத்தவர்களில் 100க்கு 2 பேருக்கு. கூட்டிக் கழித்தால் 100 பேர் சில வருடம் குளிசை விழுங்கி ஒருவர் தப்புகிறார். அது பிரயோசனமில்லாத மருந்து என்று நான் சொல்லவில்லை, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு அதே 36 வீதம் குறைந்தால் பல பேரைக் காப்பாற்றும், ஏனென்றால் அவருடைய ஆரம்ப ஆபத்தே பெரிது. வீதம் ஒன்றுதான், ஆரம்ப எண் வேறு. விற்க வந்தால் நன்மையை வீதத்தில் சொல்வார்கள், பக்கவிளைவை "10,000இல் ஒருவர்" என்று சொல்வார்கள். பயமுறுத்த வந்தால் அப்படியே தலைகீழ். விற்கிறவனும் பயமுறுத்துகிறவனும் ஒரே தராசை வைத்திருக்கிறார்கள், நான் இரண்டு பேரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன்.

"அப்ப எல்லாரும் போடலாமா?" இல்லை. சராசரி எண் எல்லோருக்கும் பொருந்தாது, இதை மறைத்தால் நானும் அந்தப் பக்கக்காரர் மாதிரித்தான். முன்பு இரத்தம் கட்டியவர், அம்மாவுக்கோ சகோதரிக்கோ இளவயதில் கட்டியவர், 35 வயதுக்கு மேல் புகைப்பவர், கண்ணில் மின்னல் வெட்டி ஒற்றைத் தலைவலி வருபவர், பிள்ளை பிறந்து சில கிழமையேயானவர், இவர்களுக்குக் கூட்டுக் குளிசை சரிவராது. அதைத்தான் கிளினிக்கில் அட்டை எழுதும்போது ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். போடுகிறவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், திடீரென்று மூச்சு முட்டி நெஞ்சு குத்தினால், மிஸ்ஸைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது 100 வீதத்தை விடப் பிரயோசனமான தகவல். சில வரிதான். அந்தச் செய்தியில் ஒரு வரியும் இல்லை.

இன்னொன்று சொல்லிவிட்டுப் போகிறேன், கோபத்தில் சொல்வதாக நினைத்தாலும் பரவாயில்லை. அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். "பெண்களே அவதானம்" என்று கைகூப்பும் படம் வேறு. உங்களில் எத்தனை பேர் மனைவியிடம், "சரி, குளிசையை விடு, நான் கொண்டம் பாவிக்கிறன்" என்றீர்கள்? பகிர்வதற்கு ஒரு விரல் போதும். அடுத்த பத்து மாதம் வயிற்றில் சுமக்கிறது நீங்கள் இல்லை. நேற்றைய பிள்ளையின் மாமியிடம் நான் கோபப்படவில்லை. அவவுக்கு மருமகள் மீது அக்கறை, கையில் கிடைத்த எண் அதுதான். எண்ணைக் கொடுத்தவர்களிடம்தான் எனக்குக் கோபம்.

பிள்ளையிடம், தவறவிட்ட நாட்களை எண்ணிச் சொல், இன்றைக்கே கிளினிக்குக்குப் போ, இடையில் கொண்டம் பாவியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். போனாளா தெரியாது.

பக்க நிர்வாகி தம்பி, நீர் இதை வாசிப்பீர் என்று தெரியும். உமது தலைப்பை நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்: "புதிய வகைக் குளிசையில் இரத்தக்கட்டி: வருடத்துக்கு 10,000 பேரில் 6 பேர் என்பது 11 பேர், கர்ப்பகாலத்தில் 5 முதல் 20 பேர்." லைக் குறையும். போடுவீரா?