தொனியைத் தனியாகச் சொல்லுங்கள், நியாயத்தை எல்லார் முன்னாலும்

ஒபிஸ் குரூப் மெயிலில் ஒருவர் சூடாகப் பதில் எழுதிவிட்டால், அவரைத் தனியாகக் கூப்பிட்டு "கொஞ்சம் தணிஞ்சு எழுதலாமே" என்று சொல்வது நல்ல காரியம்தான். ஆனால் அவர் சொன்ன விஷயம் சரியாக இருந்தால், அதையும் அதே மெயிலில் எல்லார் முன்னாலும் யாராவது சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் தொனியைப் பற்றி மட்டும் பேச வருகிறவர்களின் புத்திமதியை நான் பெரிதாக எடுப்பதில்லை.

எங்கள் ஹட்டன் ஒபிஸில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தோட்டக் குடும்பங்களுக்கு உதவிப் பொருள் கொடுத்த பட்டியல் கொழும்புக் கணக்குப் பிரிவுக்குப் போனது. முகவரிப் பத்தியில் எல்லாருக்கும் ஒரே தோட்டத்தின் பெயர். "இதை எப்படி ஏற்பது?" என்று அங்கிருந்து கேள்வி. லயத்து வரிசை அறைகளில் இருக்கிறவர்களுக்குத் தனி முகவரி ஏது? கடிதம் வந்தாலும் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். களத்தில் வேலை செய்யும் தம்பி இதை விளக்கி எழுதினார். மறுபடி அதே கேள்வி. மறுபடி விளக்கினார். மூன்றாவது தடவையும் கேட்டபோது மஸ்கெலியாவில் இருந்து திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் தட்டிவிட்டார்: "கொழும்பில் இருப்பவர்களுக்கு லயம் என்றால் என்னவென்று தெரியாது போல. வாசிக்கத் தெரிந்தால் பழைய மெயிலை வாசியுங்கள்." நிதி கொடுத்தவர்களின் பிரதிநிதியும் அந்த மெயிலில் இருந்தார்.

இந்த நேரத்தில் பலர் செய்வது, "எல்லோரும் அமைதியாகப் பேசுவோம்" என்று அதே மெயிலில் ஒரு வரி போடுவது. யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கு இன்னும் சூடேறும். தனியாக மெயில் அனுப்புவதும் வேண்டாம். எழுத்தில் அது எச்சரிக்கைக் கடிதம் மாதிரி இருக்கும், யாருக்கும் ஃபோர்வட் ஆகலாம்.

நான் முதலில் குரூப் மெயிலில் இரண்டு வரி போட்டேன்: தனி முகவரி இல்லை என்பது உண்மை, முன்பே அனுப்பிய விளக்கம் சரியானது. அவரோடு உடனே பேசப் போகவில்லை. பஸ்ஸில் நிற்கிற மனிதரிடம் தொனி பற்றி என்ன பேச? மாலையில் அவர் ஒபிசுக்கு வந்து பிளேன்டீ குடித்து முடித்த பிறகு, வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, "தம்பி, அந்த மெயில் விஷயமா ஒன்னு சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"சொல்லுங்க அக்கா. நான் சொன்னதில என்ன பிழை?"

"சொன்னதுல பிழையே இல்ல. 'வாசிக்கத் தெரிந்தால்'னு ஒரு வரி இருக்கே, அது மட்டும்தான். அதுக்குப் பிறகு அவங்க உங்களுக்குப் பதில் போடல, நேரா நம்ம மேலதிகாரிக்கு எழுதிட்டாங்க. இப்ப முகவரிய விட்டுட்டு உங்களப் பத்தித்தான் பேசுறாங்க."

கவனித்தால், நான் ஒரே ஒரு வரியைத்தான் தொட்டேன். "நீங்க எப்பவுமே கோபக்காரர்" என்றோ, "எல்லாரும் உங்களைப் பற்றி இப்படித்தான் சொல்றாங்க" என்றோ ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. யார் அந்த எல்லாரும் என்று அவர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும்.

அப்புறம் இருவரும் உட்கார்ந்து மாற்றுப் பதில் ஒன்று எழுதினோம். "இந்தக் குடும்பங்களுக்குத் தனி முகவரி இல்லை. முந்தைய விளக்கத்தைக் கீழே மறுபடி இணைத்திருக்கிறேன். லய இலக்கமும் அறை இலக்கமும் சேர்த்தால் போதுமா, அல்லது கிராம சேவகரின் கடிதம் வேண்டுமா?" இதில் பணிவு ஒன்றும் கூடவில்லை. ஆனால் கடைசியில் கேள்வி இருக்கிறது. பதில் சொல்லும் பொறுப்பு இப்போது கொழும்புப் பக்கம் போய்விட்டது. அடுத்த நாளே லய இலக்கமும் அறை இலக்கமும் போதும் என்று பதில் வந்தது. கணக்காய்வுக்கு ஒவ்வொரு குடும்பத்தையும் பிரித்துக் காட்ட ஏதாவது வேண்டும், அவ்வளவுதான் அவர்களின் கவலையாம். அதை முதல் மெயிலிலேயே சொல்லியிருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

இப்படிப் பேசியது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை அடுத்த சில மெயில்களில் பார்த்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் நீளமாக மன்னிப்புக் கேட்டு எழுதினாலும், குரூப்பில் வாயே திறக்காமல் போனாலும், நாம் அளவுக்கு மீறிச் சொல்லிவிட்டோம் என்று அர்த்தம். தம்பி இன்னமும் எழுதுகிறார், சில நேரம் காரமாகவே. அது பரவாயில்லை.

ஒன்று மட்டும். நாளைக்கு யாராவது "தோட்டத்து ஆட்கள் இப்படித்தான்" என்று அந்த மெயிலில் எழுதி, அதற்குத் தம்பி சூடாகத் திருப்பிக் கொடுத்தால், நான் அவரிடம் தொனி பற்றிப் பேசப் போகமாட்டேன். அந்த வரிக்கு, அத்தனை பேரும் பார்க்க, நானே பதில் போடுவேன்.