முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போடச் சொன்னது யார்?

"முட்டை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, சிறிதளவு உப்புச் சேர்த்து, பத்து நிமிடம் வேகவைத்து, ஓட்டை உரித்துக்கொள்ளவும்." சமையல் குறிப்பு எழுதும் எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதைப் போல இந்த வாக்கியத்தையே எழுதிவிட்டு, மசாலாவை எந்த நிறத்தில் வதக்க வேண்டும் என்பதற்கு மட்டும் அரைப்பக்கம் ஒதுக்குகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தை எப்போதிலிருந்து எண்ணுவது? அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்தா, தண்ணீர் கொதித்த பிறகா? "உரித்துக்கொள்ளவும்" என்று ஒரே சொல்லில் கடந்துபோகிறார்களே, அந்த ஒரு சொல்லுக்குள்தான் முட்டையின் பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு பிய்ந்து குப்பைக்குப் போகிறது என்பது இவர்களுக்குத் தெரியவே தெரியாதா?

விருந்தினர் வரும் நாளில் பிரியாணிக்கென்று அவித்த முட்டைகளை உரிக்க உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கொடுமை புரியும். ஓட்டில் விரலை வைத்தால் நகத்தளவுக்கு ஒரு சில்லு வருகிறது. அதன் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு வெள்ளைக்கருவை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. கடைசியில் தட்டில் இருப்பது, எலி கொறித்ததைப் போன்ற ஏதோ ஒன்று. அப்போது பக்கத்தில் நிற்கும் யாராவது, "உப்புப் போட்டாயா?" என்று கேட்பார்கள் பாருங்கள், அந்த நேரத்தில் வரும் கோபத்துக்கு அளவே இல்லை.

உப்புக்கும் ஓடு உரிவதற்கும் சொல்லிக்கொள்ளும்படியான உறவு எதுவும் இல்லை. கொதிக்கும்போது ஓட்டில் விரிசல் விட்டால், வெளியே கசியும் வெள்ளைக்கருவைச் சட்டென்று உறையவைத்து விரிசலை அடைக்க உப்பு ஓரளவு உதவும். அதன் வேலை அவ்வளவுதான். வினிகர் ஊற்றச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான்.

உண்மையான காரணம் இரண்டு. முதலாவது முட்டையின் வயது. புதிதாக இட்ட முட்டையின் வெள்ளைக்கருவில் கரிமில வாயு கரைந்திருப்பதால் அதன் காரத்தன்மை குறைவாக இருக்கும். அந்த நிலையில் வேகவைத்தால், அது ஓட்டின் உட்புறச் சவ்வை இறுகப் பிடித்துக்கொள்ளும். நாள் செல்லச் செல்ல அந்த வாயு ஓட்டின் நுண்துளைகள் வழியாக வெளியேறி, காரத்தன்மை கூடி, பிடிப்பு தளர்கிறது. ஆகவே, நாமக்கல்லிலிருந்து வந்து கடையில் சில நாள் இருந்த முட்டை அமைதியாக உரிய, வீட்டுக் கொல்லையில் கோழி காலையில் இட்ட நாட்டுக்கோழி முட்டை நம் மானத்தை வாங்குகிறது. "எங்கள் வீட்டு முட்டை அவ்வளவு புதிது" என்று பெருமையாகக் கொடுப்பவர்கள், ஒரு வாரம் வைத்திருந்து பிறகு அவிக்கும்படியும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இரண்டாவது காரணம்தான் என் ஆத்திரத்துக்கே மூலம்: பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு மெதுவாகச் சூடேற்றும் வழக்கம். தண்ணீர் சிறிது சிறிதாகச் சூடேறும்போது, வெள்ளைக்கருவின் புரதம் நிதானமாக இளகி, சவ்வோடு பின்னிக்கொள்ள வேண்டிய அவகாசமெல்லாம் கிடைத்துவிடுகிறது. அதற்கு மாறாக, தளதளவென்று கொதிக்கும் நீரில் முட்டையை இறக்கினால், வெளிப்புற வெள்ளைக்கரு சட்டென்று தனக்குள்ளேயே இறுகிச் சவ்விலிருந்து விலகிக்கொள்கிறது. இட்லிப் பானையில் தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகு தட்டில் முட்டையை வைத்து மூடினாலும் இதே பலன் கிடைக்கும். நம் வீடுகளில் இட்லிப் பானை இல்லாத வீடு எது? ஆனாலும் குக்கரில் அரிசியோடு முட்டையைப் போட்டு விசில் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கொதிநீரில் போடுவதால் இன்னொரு நன்மை, கடிகாரத்தை நம்பலாம். பச்சைத் தண்ணீர் கொதிநிலையை எட்ட ஆகும் நேரம் பாத்திரத்தைப் பொறுத்தும், தண்ணீரின் அளவைப் பொறுத்தும், அடுப்பின் வேகத்தைப் பொறுத்தும் மாறும். அந்த நேரம் முழுவதும் முட்டை வெந்துகொண்டே இருக்கிறது. மஞ்சள் கருவோ 65 டிகிரி செல்சியஸ் அருகே கெட்டியாகத் தொடங்கி, 70 டிகிரியைத் தொடும்போது இறுகிவிடும். இவ்வளவு குறுகிய இடைவெளியில் நிற்கும் ஒரு பதத்தைக் குத்துமதிப்பாகப் பிடிக்க முயல்வது என்ன நியாயம்?

ஆறு முட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சுமார் 55 கிராம், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவை. ஒன்றரை லிட்டர் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு, தீயைச் சற்றுக் குறைத்து, முட்டைகளைக் குழிக்கரண்டியில் வைத்து ஒவ்வொன்றாக அடியில் இறக்க வேண்டும். மேலிருந்து போட்டால் அடியில் மோதி உடையும். கடைசி முட்டை உள்ளே போனதும் நேரத்தைத் தொடங்கி, தண்ணீர் மீண்டும் கொதிக்கும் வரை தீயைக் கூட்டிவிட்டு, பிறகு மிதமாக வைக்கலாம். ஆறரை நிமிடத்தில் எடுத்தால் வெள்ளை உறைந்து மஞ்சள் வழியும். எட்டரை நிமிடத்தில் மஞ்சளின் ஓரம் இறுகி நடுவில் தேன்போலப் பிசுபிசுக்கும். பன்னிரண்டு நிமிடத்தில் நடுவரை கெட்டிப்படும். நாட்டுக்கோழி முட்டை சிறியது என்பதால் ஒரு நிமிடம் வரை குறைக்க வேண்டும். ஊட்டியில் இருப்பவர்கள் சற்றுக் கூட்ட வேண்டும், ஏனெனில் அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். வழியும் மஞ்சள் கருவைக் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுக்காமல் இருப்பது நல்லது.

எடுத்தவுடன் பனிக்கட்டி போட்ட நீரில் இறக்காவிட்டால், பார்த்த நேரமெல்லாம் வீண். ஓட்டுக்குள் இருக்கும் சூட்டிலேயே முட்டை வெந்துகொண்டே போகும். ஆறரை நிமிட முட்டை எட்டரை நிமிட முட்டையாகிவிடும். குழாயடியில் சிறிது நேரம் காட்டிவிட்டு, "ஆறிவிட்டது" என்று எடுப்பவர்களை என்னவென்று சொல்வது? ஐந்து நிமிடமாவது அந்த நீரிலேயே கிடக்கட்டும். பிறகு அகன்ற முனையில் தட்ட வேண்டும், கூரிய முனையில் அல்ல. அகன்ற முனையில்தான் காற்றறை இருக்கிறது. அங்கே ஓட்டுக்கும் உட்புறச் சவ்வுக்கும் இடையில் விரல் நுழைய இடம் கிடைக்கும். சவ்வைப் பிடித்துவிட்டால், முட்டையைத் தண்ணீருக்கு அடியில் வைத்து உரிக்கும்போது நீரே உள்ளே புகுந்து ஓட்டைத் தள்ளிவிடும். சவ்வைப் பிடிக்காமல் வெறும் ஓட்டை மட்டும் சில்லு சில்லாகப் பெயர்ப்பதுதான் வெள்ளைக்கருவுக்கு நாம் செய்யும் பெரிய துரோகம்.

குழம்புக்கு அவிப்பவர்கள் செய்வதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இருபது நிமிடம் கொதிக்கவைத்து, மஞ்சளைச் சுற்றிச் சாம்பல் கலந்த பச்சை வளையம் போடவைத்து, பிறகு கத்தியால் கீறி, கொதிக்கும் குழம்பில் போட்டு மேலும் பத்து நிமிடம் வதைக்கிறார்கள். அந்த வளையம், வெள்ளைக்கருவிலிருந்து வரும் கந்தகமும் மஞ்சளில் இருக்கும் இரும்பும் சேர்ந்து உண்டானது. உடலுக்குக் கெடுதல் இல்லை என்றாலும், வாயில் வைத்தால் மாவாக உதிரும். குழம்பிலும் சூடு இருக்கிறது என்பதை இவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்பது நிமிடத்தில் எடுத்து, ஆறவைத்து, உரித்து, அடுப்பை அணைக்கச் சற்று முன்பாக முட்டையைக் குழம்பில் இறக்கினால், மஞ்சள் குழம்பிலேயே தன் பதத்துக்கு வந்துவிடும்.