கட் ஆஃப் 200: கணிதத்துக்கு உண்மையில் எவ்வளவு எடை?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாள், எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு மாணவி தன் தாயாருடன் என் வீட்டுக்கு வந்தாள். கணிதத்தில் 81, இயற்பியலில் 90, வேதியியலில் 87. அவளுடைய தோழி கணிதத்தில் 95, இயற்பியலில் 82, வேதியியலில் 81 வாங்கியிருந்தாள். மூன்று பாடங்களையும் கூட்டினால் இருவருக்கும் 258தான். அந்தத் தாயார் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் 258ஐ 300ஆல் வகுத்து 200ஆல் பெருக்கி, இருவருக்கும் பொறியியல் கட் ஆஃப் 172 என்று எழுதி வைத்திருந்தார். தோழியின் வீட்டிலோ 176.5 என்று சொல்லியிருக்கிறார்கள். யார் கணக்கு தவறு என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் கணித மதிப்பெண் 100க்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இயற்பியலும் வேதியியலும் தலா 50க்குச் சுருக்கப்படுகின்றன. ஆகவே அந்த மாணவியின் கட் ஆஃப் 81 + 45 + 43.5 = 169.5, தோழிக்கு 95 + 41 + 40.5 = 176.5. மொத்த மதிப்பெண் ஒன்றாக இருக்கும்போது, கணிதத்தில் உள்ள 14 மதிப்பெண் வித்தியாசத்தில் சரிபாதி, அதாவது 7, கட் ஆஃபில் வந்து நிற்கிறது. இது எப்போதும் பொருந்தும். ஏனெனில், மூன்று பாட மொத்தத்தோடு கணித மதிப்பெண்ணை இன்னொரு முறை கூட்டி இரண்டால் வகுத்தாலும் இதே விடைதான் கிடைக்கும்.

பொறியியலுக்குக் கணிதத்தை இரட்டிப்பு எடையுடன் எடுத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பு இல்லை. முதல் ஆண்டிலேயே கணிதத்தில் தடுமாறி நிலுவைத் தாள்கள் வைக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் 100, 50, 50 என்று அறிவிக்கப்படும் எடையும், தரவரிசையில் உண்மையில் செயல்படும் எடையும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோரிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதே என் வருத்தம்.

மாநிலப் பாடத்திட்டத்தில் கணிதத்துக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. நான் அறிந்த பள்ளிகளில் செய்முறையையும் அகமதிப்பீட்டையும் சேர்த்து 30க்கு 30, அல்லது 29 வாங்காத அறிவியல் பிரிவு மாணவரைக் காண்பது அரிது. எல்லோரும் ஒரே அளவாக வாங்கும் மதிப்பெண், ஒருவரையும் மற்றொருவரையும் பிரித்துக் காட்டாது. எல்லோருடைய கணக்கிலும் சமமாக ஏறி, தரவரிசையில் எந்த அசைவையும் ஏற்படுத்தாமல் நிற்கும். 200இல் இப்படி நிற்பது கணிதத்தில் 10, இயற்பியலில் 15, வேதியியலில் 15, ஆக மொத்தம் 40. மீதமுள்ள 160இல் கணிதத்தின் பங்கு 90. மற்ற இரண்டுக்கும் தலா 35. நூற்றுக்கு 50 என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கணிதத்தின் எடை, உண்மையில் நூற்றுக்கு 56 அளவுக்கு வந்துவிடுகிறது. ஒரு பாடத்தின் எடையைத் தீர்மானிப்பது அதற்குக் கொடுக்கப்பட்ட அதிகபட்ச மதிப்பெண் மட்டுமல்ல, அந்தப் பாடத்தில் மாணவர்களின் மதிப்பெண்கள் எவ்வளவு தூரம் விரிந்து பரவியிருக்கின்றன என்பதும்தான்.

இன்னொரு மாற்றம் 2019இல் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வரை பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்துக்கும் 200, மொத்தம் 1200. அப்போது கணிதத்தை இரண்டாலும் இயற்பியலையும் வேதியியலையும் நான்காலும் வகுத்தோம். இயற்பியலில் ஒரு மதிப்பெண் கூடினால் கட் ஆஃபில் 0.25 கூடும். 2019 முதல் பாடத்துக்கு 100, மொத்தம் 600 என்று ஆனது. கட் ஆஃப் மட்டும் 200லேயே நின்றது. இப்போது இயற்பியலின் ஒரு மதிப்பெண் 0.5, கணிதத்தின் ஒரு மதிப்பெண் முழுதாக 1. வெளியே பார்த்தால் விகிதம் மாறவில்லை. ஆனால் ஏணியின் படிகள் பாதியாகிவிட்டன. 190க்கும் 200க்கும் இடையில் முன்பு 41 படிகள் இருந்தன. இன்று இருப்பவை 21. அந்த 21 படிகளில்தான் பெயர்பெற்ற கல்லூரிகளின் பெரும்பாலான இடங்களுக்கான போட்டி நடக்கிறது. ஒரே படியில் பலர் நெருக்கியடித்து நிற்கும்போது, கட் ஆஃபுக்கு அடுத்த விதிகள்தாம் யாருக்கு எந்தக் கல்லூரி என்று முடிவு செய்கின்றன.

அந்த விதிகளின்படி முதலில் கணிதம், அடுத்து இயற்பியல், பிறகு நான்காவது விருப்பப் பாடம் என்று பார்க்கிறார்கள். வேதியியலை ஏன் விட்டுவிட்டார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. கட் ஆஃபும் கணிதமும் இயற்பியலும் ஒன்றாக இருந்தால், வேதியியல் தானாகவே ஒன்றாகத்தான் இருக்கும். அதைப் பார்ப்பதில் பயனில்லை. ஆனால் நான்காவது பாடத்துக்குப் போகும்போது, ஒருவரின் கணினி அறிவியலையும் மற்றவரின் உயிரியலையும் ஒப்பிட நேர்கிறது. இரண்டும் வெவ்வேறு வினாத்தாள்கள், வெவ்வேறு கடினத்தன்மை. அதுவும் சமமானால் இன்னும் சில அளவுகோல்கள், எல்லாம் சமமானால் பிறந்த தேதியில் மூத்தவர், அதற்கும் பிறகு சமவாய்ப்பு எண்.

நான்காவது பாடத்துக்குப் போவதற்கு முன்பு, கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்று எழுத்துத் தேர்வுகளின் மதிப்பெண்ணையும் விழுக்காடாக மாற்றிப் பார்க்கலாமே என்பது என் கருத்து. 95 வாங்கிய இருவரில் ஒருவர் எழுத்துத் தேர்வில் 65உம் செய்முறை, அகமதிப்பீட்டில் 30உம் பெற்றிருப்பார்; மற்றவர் 67உம் 28உம் பெற்றிருப்பார். மதிப்பெண் பட்டியலிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது. புதிதாக எதையும் சேகரிக்க வேண்டியதில்லை. சிபிஎஸ்இயில் கணித எழுத்துத் தேர்வு 80க்கு நடக்கிறதே என்று கேட்கலாம். விழுக்காட்டுக்கு மாற்றினால் அந்தச் சிக்கல் பெருமளவு தீரும். பிற வாரிய மதிப்பெண்களைச் சமப்படுத்தும் வழிமுறை, தொழிற்கல்விச் சேர்க்கைக்கான தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்தின் முதல் மதிப்பெண் 90 என்றால், அங்கே 60 வாங்கியவருக்கு 66.66 என்று கணக்கிடுவது அந்த முறை. வாரியங்களின் முதல் மதிப்பெண் இப்போதெல்லாம் 100ஐத் தொட்டுவிடுவதால் அது பெரும்பாலும் எதையும் மாற்றாமல் போகிறது என்பது வேறு விஷயம்.

அன்று வந்த மாணவி வேதியியல் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். அங்கே இரண்டு மதிப்பெண் கூடினால்தான் கட் ஆஃபில் ஒன்று ஏறும் என்று விளக்கி, கணித நகலை முதலில் வாங்கச் சொன்னேன். நகல் வந்தபின் என் மேசையில் வைத்து இருவரும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். ஐந்து மதிப்பெண் வினா ஒன்றில் தொகையிடலின் இரண்டாம் வரியில் கழித்தல் குறியைக் கூட்டலாக எழுதியிருந்தாள். திருத்தியவர் அதுவரையிலான படிகளுக்கு முறையாக மதிப்பெண் கொடுத்திருந்தார். மறுமதிப்பீட்டுக்குப் போக வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பிறகு 172ஐ நம்பி எழுதி வைத்திருந்த கல்லூரிப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, 169.5க்கு ஏற்ற பட்டியலைப் புதிதாக எழுதத் தொடங்கினோம்.