மல்டிமீட்டருக்குத் தெரியாத மைனஸ்

பொலிடெக்னிக்கில், நகர்வை அளக்கும் சென்சாரான எல்விடிடியை வைத்துப் பரிசோதனை செய்த மாணவர்களின் ரிப்போர்ட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே கிராஃப்தான் இருக்கும். நடுப்புள்ளி வழியாக ஒரு நேர்கோடு. வலப்பக்கம் பிளஸ் வோல்ட், இடப்பக்கம் மைனஸ் வோல்ட். அளந்தது எதைக் கொண்டு என்று பார்த்தால், ஏசி ரேஞ்சில் வைத்த சாதாரண மல்டிமீட்டர். அந்த மீட்டர் மைனஸ் காட்டவே காட்டாது. அப்படியானால் அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது? மாணவர் பேனாவில் இருந்து வந்தது. கோர் இடப்பக்கம் போனால் மைனஸ் என்று லேப் ஷீட்டில் இருக்கிறது, அவரும் போட்டுவிடுகிறார். இப்படிப் படித்துவிட்டு பினாங்கின் பாயான் லெப்பாஸிலோ பிறையிலோ வேலைக்கு வந்து, சிக்னல் கண்டிஷனர் சரியாக ஓடாத ஒரு மெஷின் முன் நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அடிப்படையிலிருந்து பார்ப்போம். நடுவில் பிரைமரி சுருள், அதன் இருபுறமும் ஒரே மாதிரி சுற்றிய இரண்டு செகண்டரி சுருள்கள், உள்ளே உரசாமல் நகரும் நிக்கல்-இரும்புக் கோர். பிரைமரிக்கு 3 வோல்ட், 5 கிலோஹெர்ட்ஸ் ஏசி கொடுக்கிறோம் என்று வையுங்கள். சென்சாரின் வீச்சு ±5 மிமீ, உணர்திறன் ஒரு வோல்ட்டுக்கு ஒரு மிமீக்கு 50 மில்லிவோல்ட். அதாவது நம் 3 வோல்ட்டுக்கு, மிமீ ஒன்றுக்கு 150 மில்லிவோல்ட் கிடைக்கும்.

கோர் நட்டநடுவில் இருக்கும்போது இரண்டு செகண்டரியிலும் சமமாக, உதாரணமாக 1.20 வோல்ட் வருகிறது. கோரை 2 மிமீ வலப்பக்கம் தள்ளினால் வலச்சுருளுக்குக் காந்தப்புலம் கூடுதலாகப் போய்ச் சேரும், இடச்சுருளுக்குக் குறையும்: வலம் 1.35, இடம் 1.05. இரண்டையும் எதிரெதிராகத் தொடரில் இணைத்திருப்பதால் வெளியே வருவது வித்தியாசம் மட்டுமே, 0.30 வோல்ட். இடப்பக்கம் 2 மிமீ தள்ளினால் வலம் 1.05, இடம் 1.35, வித்தியாசம் −0.30.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். எந்தச் சுருளும் தனியாகத் தலைகீழாகவில்லை. இரண்டும் பிரைமரியோடு ஒரே பேஸில்தான் ஆடிக்கொண்டிருக்கின்றன. எது பெரியது என்பதுதான் மாறியது. பெரிய அலையிலிருந்து சிறியதைக் கழித்தால் மிச்சம் நிமிர்ந்த அலை. சிறியதிலிருந்து பெரியதைக் கழித்தால் அதே அளவுள்ள, கவிழ்ந்த அலை. ஏசியில் மைனஸ் என்றால் இந்தக் கவிழ்வுதான், 180 டிகிரி பேஸ் மாற்றம். மீட்டருக்கு இரண்டுமே 300 மில்லிவோல்ட். மீட்டரை மட்டும் நம்பி நேர்மையாக வரைந்தால் கிராஃப் நேர்கோடாக வராது. V வடிவில்தான் வரும். லேப் ஷீட் எழுதுகிறவர்கள் முதலில் அந்த V-ஐ வரையச் சொல்லட்டும், பிளஸ் மைனஸ் பிறகு வரட்டும் என்பது என் கருத்து. (5 கிலோஹெர்ட்ஸில் மலிவான மீட்டர்களின் ஏசி ரீடிங்கே சரியாக இருக்காது என்பது தனிக் கதை.)

கவிழ்வதைக் கண்ணால் பார்க்க ஆசிலோஸ்கோப் போதும். சேனல் ஒன்றில் பிரைமரி, சேனல் இரண்டில் அவுட்புட். ட்ரிக்கரைக் கட்டாயம் சேனல் ஒன்றில் வையுங்கள். கோரை மெதுவாக நகர்த்தினால் சேனல் இரண்டின் அலை சிறுத்துச் சிறுத்துப் படுத்துவிடும். நடுவைத் தாண்டியதும் தலைகீழாக எழுந்து வளரும். ட்ரிக்கர் சேனல் இரண்டில் இருந்தால் அவுட்புட் அலை எப்போதும் ஒரே மாதிரி நிற்கும், பிரைமரிதான் கவிழ்வது போலத் தெரியும். "இந்த சென்சாரில் பேஸ் மாறவில்லை" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ட்ரிக்கர் எந்தச் சேனலில் என்றுதான். அலை படுக்கவே இல்லை, எங்கு நகர்த்தினாலும் 2.4 வோல்ட்டை ஒட்டியே நிற்கிறது என்றால் செகண்டரியை மாற்றி இணைத்திருக்கிறார்கள். வித்தியாசத்துக்குப் பதில் கூட்டுத்தொகை வருகிறது. ஒரு செகண்டரியின் இரு ஒயர்களையும் இடம் மாற்றினால் தீர்ந்தது.

இன்னொன்றும் கண்ணில் படும்: நடுவில் அலை முழுசாகப் பூஜ்யமாகாது. இரண்டு சுருள்களும் நூறு சதவீதம் ஒன்றாக இருக்காது, அவற்றின் கெப்பாசிட்டன்ஸும் கொஞ்சம் வேறுபடும். அதனால் 90 டிகிரி தள்ளி நிற்கும் ஒரு சின்ன அலை மிஞ்சும். அது 4 மில்லிவோல்ட் என்று வையுங்கள். கோர் நடுவிலிருந்து 0.02 மிமீ விலகினால் உண்மையான சிக்னல் 3 மில்லிவோல்ட். இவை இரண்டும் செங்கோணத்தில் சேர்வதால் மீட்டர் காட்டுவது 5. அதை 150-ஆல் வகுத்தால் 0.033 மிமீ, பாதிக்கு மேல் பிழை. அதனால் ஒரு டயோட் ரெக்டிஃபையரைப் போட்டு டிசியாக்கிக்கொள்ளலாம் என்பது வீண் சிக்கனம். திசையும் போய்விடும், நடுவில் V-யின் முனையும் மழுங்கிவிடும்.

இரண்டையும் காப்பாற்றுவது சிக்னல் கண்டிஷனரில் இருக்கும் சிங்க்ரோனஸ் டிமாடுலேட்டர். பிரைமரி அலையின் மேல்பாதியில் அவுட்புட்டை அப்படியே விடும், கீழ்பாதியில் கவிழ்த்துவிடும், பிறகு ஃபில்டர் சராசரி எடுக்கும். கோர் வலப்பக்கம் 2 மிமீ என்றால் +0.27 வோல்ட் டிசி, இடப்பக்கம் என்றால் −0.27. மைனஸ் நிஜமாகவே பிறக்கும் இடம் இதுதான். 90 டிகிரி தள்ளிய மிச்ச அலைக்கு பிளஸும் மைனஸும் சரிசமமாக வந்து சராசரியில் காணாமல் போகும். டிசி வகை எல்விடிடியில் இந்தச் சர்க்யூட் சென்சாருக்குள்ளேயே இருக்கிறது. அதை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் சுருளே மைனஸ் தருவதாக நினைத்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

இது ஒழுங்காக நடக்க டிமாடுலேட்டரின் ரெஃபரன்ஸ் அலை, அவுட்புட் சிக்னலோடு ஒத்த பேஸில் இருக்க வேண்டும். நீளமான கேபிள் அல்லது வேறு ஃப்ரீக்வென்சி, ஏதோ ஒன்றால் 30 டிகிரி விலகியது என்று கொள்ளுங்கள். மிமீக்கு 150 பலன் தந்தது 130 ஆகும். அதைவிட மோசம், ஒழிந்துபோக வேண்டிய 4 மில்லிவோல்ட்டில் 2 உள்ளே நுழைந்து, பூஜ்யத்தை 0.015 மிமீ நகர்த்தும். கண்டுபிடிக்க வழி, கோரை 2 மிமீ தள்ளி வைத்து, ஃபில்டருக்கு முன்னால் ஸ்கோப்பை மாட்டுவது. பேஸ் சரியென்றால் ஒரே பக்கம் எழும் முழு மேடுகள் வரிசையாக நிற்கும். தவறென்றால் ஒவ்வொரு மேட்டின் ஓரத்திலும் ஒரு துண்டு வெட்டுப்பட்டு எதிர்ப்பக்கம் தொங்கும். அந்தத் துண்டு மறையும் வரை பேஸ் திருகைத் திருப்புங்கள்.

கடைசியாக ஜீரோ செட்டிங். இதில்தான் பலர் குறுக்குவழி பிடிக்கிறார்கள். முறை இதுதான்: டிமாடுலேட்டரின் சிக்னல் இன்புட்டை ஷார்ட் செய்து, ஜீரோ திருகால் டிசியைப் பூஜ்யமாக்குங்கள். ஷார்ட்டை எடுத்துவிட்டு, சென்சாரின் உடலைக் கிளாம்பில் நகர்த்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். கிளாம்பைத் தொட சோம்பல்பட்டு, கோர் 1 மிமீ தள்ளி நிற்கும்போதே ஜீரோ திருகால் மறைத்தால் முதலில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் ±5 மிமீ வீச்சு ஒரு பக்கம் 4, மறுபக்கம் 6 ஆகிவிட்டது. அந்த ஆறாவது மிமீயில் சென்சார் நேர்கோட்டில் இருக்காது. அதோடு, ஏர்கோன் நின்று பேனல் சூடேறி கெய்ன் 1 சதவீதம் மாறினால் பூஜ்யமும் 0.01 மிமீ மாறும், ஏனென்றால் அங்கே உண்மையில் பூஜ்யம் இல்லை. 150 மில்லிவோல்ட் சிக்னலை ஒரு நிலையான வோல்ட்டேஜ் மூடிவைத்திருக்கிறது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என ஜீரோ நகர்ந்தால், சென்சாரைக் கழற்றி மாற்றுவதற்கு முன் இன்புட்டை ஷார்ட் செய்து திருகு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.