முதல் அட்டை மட்டும் இலவசமா?

“தம்பி, பத்துப் புத்தகத் தொடர் இது. முதல் அட்டையை மட்டும் காசு வாங்காமல் பண்ணிக் கொடுங்க, பிடிச்சிருந்தா மீதி ஒன்பதும் உங்களுக்குத்தான். உள்ளே உங்க பேரும் போடுறோம், நாலு பேர் பார்ப்பாங்க.”

அட்டை வடிவமைக்கிறவர்களுக்கு இது புதுசில்லை. எனக்கும் வந்தது. முன்பெல்லாம் இதற்குக் கோபமாக ஒரு பதில் எழுதிவிட்டு அன்று முழுக்க வேலை ஓடாமல் உட்கார்ந்திருப்பேன். இப்போது கோபப்படுவதில்லை, கணக்குப் போடுகிறேன்.

ஒரு அட்டைக்கு எனக்கு சுமார் 14 மணி நேரம் ஆகிறது. கையெழுத்துப் பிரதியைப் புரட்ட மூன்று, பென்சில் கோடுகளுக்கு மூன்று, இரண்டு மாதிரிகளைத் திரையில் செய்ய ஐந்து, “அந்த எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கலாமா” வகைத் திருத்தங்களுக்கு மூன்று. (கடைசி மூன்று பெரும்பாலும் ஆறாகும், அது வேறு கதை.) பத்தில் ஒன்றை இலவசமாகக் கொடுத்து மீதி ஒன்பதும் முழு விலைக்கு வந்தால், நான் கொடுத்தது 10 சதவீதத் தள்ளுபடி. மொத்தமாக வேலை தருகிறவருக்கு அது நியாயமான தள்ளுபடிதான், நானே கொடுப்பேன். ஆனால் அந்த ஒன்பதும் வராவிட்டால் அதே தள்ளுபடி 100 சதவீதம். வருமா வராதா என்பது அவர் கையில் இருக்கிறது, வராவிட்டால் போவது என் 14 மணி நேரம். எனக்கு உறுத்துவது இதுதான். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை, சொல்லும்போது பத்தும் வரும் என்று அவரே நம்பியிருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இலவசமாகச் செய்த முதல் அட்டைதான் அவர் மனதில் என் விலையாகப் பதியும். இரண்டாவது அட்டைக்கு என் வழக்கமான விலையைச் சொன்னால், பூஜ்ஜியத்திலிருந்து திடீரென்று ஏற்றிவிட்ட மாதிரித்தான் தெரியும்.

அதனால் தள்ளுபடியை முன்னாலிருந்து பின்னால் நகர்த்திவிடுகிறேன். அவருக்கு நான் அனுப்பியது இவ்வளவுதான்:

“வணக்கம் சார். தொடர் நன்றாக இருக்கிறது, செய்ய விருப்பம். பத்து அட்டைகளையும் ஒரே ஒப்பந்தமாக எழுதிக்கொள்வோம். முதல் ஒன்பதும் முழு விலை, பத்தாவது இலவசம். ஒவ்வொரு அட்டைக்கும் பாதி முன்பணம், மீதி அச்சுக் கோப்பு அனுப்புவதற்கு முன். பட்ஜெட் குறைவு என்றால் ஓவியம் இல்லாமல் எழுத்து மட்டும் வைத்து, ஒரே ஒரு திருத்தத்தோடு செய்யலாம், விலை அதற்கேற்பக் குறையும். எத்தனை அட்டை, எந்தெந்த மாதம் என்று சொன்னால் ஒப்பந்தத்தை இன்றே அனுப்புகிறேன்.”

அவர் கேட்ட அதே ஒரு இலவச அட்டை இதிலும் இருக்கிறது, பார்த்தீர்களா? பத்தும் நிஜமாக வரப் போகிறது என்றால் அவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. அதனால் இதை மறுக்க அவருக்குக் காரணம் கிடைப்பது கஷ்டம். விலையைக் குறைத்தால் வேலையும் குறைய வேண்டும் என்பதையும் கவனியுங்கள். அதே வேலையைக் குறைந்த விலைக்கு ஒத்துக்கொண்டால், முதலில் சொன்ன விலை சும்மா சொன்னது என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

பெயர் போடுவதைப் பற்றிச் செய்தியில் வேண்டுமென்றே ஒன்றும் எழுதவில்லை. வடிவமைத்தவர் பெயர் புத்தகத்தில் வருவது வழக்கமான மரியாதை, அதைக் கூலியில் கழிக்கக் கூடாது. அட்டை பிடித்துப்போய் உள்பக்கத்தைத் திருப்பி வடிவமைப்பு யார் என்று தேடுகிறவர் பெரும்பாலும் இன்னொரு வடிவமைப்பாளராக இருப்பார். அவர் எனக்கு வேலை தரப் போவதில்லை.

“மாதிரி பார்க்காமல் எப்படி நம்புவது?” என்று சிலர் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். பழைய அட்டைகளை அனுப்புவேன். அவருடைய புத்தகத்துக்கே மாதிரி வேண்டுமென்றால் பென்சில் கோடு வரை செய்து அதற்கு மட்டும் தனியாகக் காசு வாங்கிக்கொள்வேன். பிடிக்காவிட்டால் அங்கேயே இருவரும் விலகிக்கொள்ளலாம்.

சரி, என்ன ஆனது? நீல டிக் விழுந்தது, ஒன்பது நாள் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு காலையில், “தம்பி, இப்போதைக்கு மூணு அட்டைக்கு எவ்வளவு ஆகும்?”

மாதத்தை எழுதச் சொன்னதும் பத்து மூன்றாகிவிட்டது. முதல் அட்டையைச் சும்மா கொடுத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும், அதுவும் மீதி இரண்டும் ஒழுங்காக வந்திருந்தால். மூன்றுக்கும் முழு விலை, பாதி முன்பணம் என்று எழுதி அனுப்பினேன், மாலையில் பணம் ஏறியது. இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவதில் இப்போது எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கிக்கொண்டிருக்கிறேன்.