கழிக்க வேண்டியது எந்த எண்ணிலிருந்து?

கொதிகலன் விசிறிக்கு வி.எஃப்.டி., அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ், பொருத்துவது பற்றி இங்கே ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்:

"விசிறியின் வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்செலவு பாதியாகும், பொறியாளரின் மின்னஞ்சலில் உள்ளபடி, 40 லட்ச ரூபாய் வி.எஃப்.டி. பத்து மாதத்தில் போட்ட பணத்தை எடுத்துவிடும்."

வேகத்தின் முப்படிக்கேற்ப மின்தேவை குறைவது உண்மைதான். ஆனால் அந்த மின்னஞ்சல், காற்றுப் பாதையை அடைக்கும் தகடான டேம்பர் முழுதும் திறந்திருக்கும்போது கொதிகலன் விசிறி இழுக்கும் 230 கிலோவாட்டிலிருந்து 80 சதவீத வேகத்துக்கான 118-ஐக் கழித்து, 112 கிலோவாட் மிச்சம் என்கிறது. விசிறி இன்று அப்படி ஓடவில்லை. டேம்பரைப் பாதி மூடி அதே 80 சதவீதக் காற்றைத் தள்ளும்போது, மின்னஞ்சலில் இணைத்துள்ள மீட்டர் பதிவே 200 கிலோவாட் என்றுதான் காட்டுகிறது.

டிரைவிலும் மோட்டாரிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் புதிய தேவை ஏறத்தாழ 125 ஆகும். எனவே மிச்சம் 75 கிலோவாட். ஆண்டுக்கு 6,000 மணி நேரம், யூனிட்டுக்கு 7 ரூபாய் எனில் 31.5 லட்ச ரூபாய், அதாவது பணம் திரும்பப் பதினைந்து மாதங்கள். இதுவும் நல்ல முதலீடே. அதனால்தான் எண்ணைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

தம் ஆலையில் வி.எஃப்.டி. பொருத்தியும் எதுவுமே மிச்சமாகவில்லை என்று இங்கே எழுதிய இன்னொரு நண்பரின் விசிறி எப்போதும் முழுக் காற்றில் ஓடுகிறது. அங்கே டிரைவின் இழப்புதான் கூடும். காற்றின் அளவு குறைந்தாலும் மாறாத அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும் விசிறி என்றால் முப்படி விதியே பொருந்தாது. இந்த விசிறி அவ்வகையா என்பதை மின்னஞ்சல் சொல்லவில்லை.