மைனஸ் ஒன்றின் மீதி: பைத்தானில் 9, சி-யில் -1, சில நேரம் 5

பைத்தானில் `-1 % 10` போட்டால் 9 வரும், சி-யில் -1 வரும். இதைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "சி தப்பு, பைத்தான்தான் கணக்குப்படி சரி" என்று ஒருவர் ஆரம்பித்துவிடுவார். இரண்டுமே சரிதான். ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால் பழைய எண் திரும்ப வர வேண்டும், அவ்வளவுதான் விதி. பைத்தான் ஈவைக் கீழ்நோக்கி இறக்கி -1 ஆக்குகிறது, அதனால் மீதி 9. சி ஈவைப் பூஜ்யத்தை நோக்கி வெட்டுகிறது, ஈவு 0, மீதி -1. சி-யில் 1999 தரநிலைக்கு முன்னால் இதுகூட உறுதியில்லை, எதிர்ம எண் வந்தால் எந்தப் பக்கம் வெட்டுவது என்பதைக் கம்பைலர் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள்.

ஆனால் வட்ட அர்ரேயில் (ரிங் பஃபர் என்றே சொல்கிறோமே, அதுதான்) நமக்கு வேண்டியது 9 மட்டுமே. பத்து இடம் இருக்கிறது, head பூஜ்யத்தில் நிற்கிறது, அதற்கு முந்தைய இடம் 9. பைத்தானில் எழுதிப் பார்த்துவிட்டு அதே வரியைச் சி-க்கு மாற்றுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். அதிலும் `buf[-1]` ஆகி புரோகிராம் விழுந்தால் அது நல்ல காலம், உடனே தெரிந்துவிடும். (விழாமல், அர்ரேக்கு முன்னால் இருக்கிற ஏதோ ஒரு குப்பையை எடுத்துக்கொண்டு ஓடவும் செய்யும்.) எனக்கு அதைவிடக் கடுப்பேற்றுவது இந்த வகை:

```c
int buf[10];
#define N (sizeof buf / sizeof buf[0])
int head = 0;
int prev = buf[(head - 1) % N];
```

பார்க்க ஒழுங்காக இருக்கிறது, பல பேர் இப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் `sizeof` தருவது `size_t`, அதாவது குறியில்லாத எண். அதோடு சேரும்போது -1 கூட குறியில்லாததாக மாறி 18446744073709551615 ஆகிவிடுகிறது. அதைப் பத்தால் வகுத்தால் மீதி 5. 9-ம் இல்லை, -1-ம் இல்லை, 5! 32 பிட் கருவியில் அந்த எண் 4294967295, அதற்கும் மீதி 5 தான்.

இப்போது வெப்பநிலை சென்சார் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். புது அளவு வந்ததும் முந்தைய அளவோடு ஒப்பிட்டு, திடீரென்று எகிறினால் அலாரம் அடிக்க வேண்டும். பத்து தடவையில் ஒன்பது தடவை சரியாக ஒப்பிடும். head பூஜ்யமாக இருக்கும் அந்த ஒரு தடவை மட்டும், அதற்கு நேர் முன்னால் வந்த அளவுக்குப் பதில் ஐந்து அளவுக்கு முந்தையதை எடுத்துக்கொள்ளும். அதுவும் 31 டிகிரி, இதுவும் கிட்டத்தட்ட 31 டிகிரி, யார் கவனிக்கப் போகிறார்கள்? 5 என்பது அர்ரேக்கு உள்ளேயே இருக்கிற இடம் என்பதால் எல்லை மீறலைப் பிடிக்கும் சானிடைசரும் வாயைத் திறக்காது.

இதில் இன்னொரு வேடிக்கை, N எட்டாக இருந்தால் எல்லாம் சரியாகவே வரும். அந்தப் பெரிய எண்ணுக்கு அடுத்தது இரண்டின் அடுக்கு, அது எட்டால் மீதியில்லாமல் வகுபடும், அதனால் மீதி 7. எட்டில், பதினாறில் சோதித்துவிட்டு "ஓடுது" என்று அனுப்பிவிடுவார்கள், அப்புறம் யாரோ ஒருவர் அளவை மட்டும் பத்தாக மாற்றுவார்.

சரி, தீர்வு என்ன என்று தேடினால் எல்லோரும் கொடுப்பது `((i % n) + n) % n`. இரண்டுமே `int` ஆக இருந்தால் இது சரியாக வேலை செய்யும். ஆனால் மேலே உள்ளதுபோல n `size_t` ஆக இருந்தால்? முதல் மீதியே 5, பத்தைக் கூட்டினால் 15, மறுபடி மீதி 5. மருந்து போட்டும் அதே நோய். அதனால் எனக்கு இந்தச் சூத்திரத்தின்மேல் பெரிய மரியாதை கிடையாது. எதிர்ம எண்ணை வரவிட்டுத் திருத்துவதைவிட வரவே விடாமல் இருப்பது மேல்:

```c
size_t p = (head + N - 1) % N;
```

முதலில் கூட்டு, அப்புறம் கழி. head எப்போதும் 0 முதல் N-1 வரைதான் என்றால் இதில் எதிர்மத்துக்கு இடமே இல்லை. k இடம் பின்னால் போக வேண்டும், k அளவைவிடப் பெரிதாகவும் இருக்கலாம் என்றால் `(head + N - k % N) % N`. இதில் k எதிர்மமாக வராது என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பைத்தான்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: `%` கீழ்நோக்கி இறக்கும், ஆனால் `math.fmod(-1, 10)` சி மாதிரியே -1.0 தரும். அதோடு `buf[-1]` என்பது பைத்தானில் கடைசி உறுப்பு, அதனால் `%` போட மறந்தாலும் ஒரு சுற்றுக்குள் பின்னால் போகும்வரை பிழையே தெரியாது. சி-க்கு மாற்றும்போதுதான் தெரியும்.

கம்பைலர் சொல்லாதா என்றால், gcc-யில் `-Wall -Wextra` இரண்டும் போட்டாலும் சி கோடில் இந்த மாற்றத்துக்கு எச்சரிக்கை வராது, `-Wsign-conversion` தனியாகப் போட வேண்டும். பழைய ப்ராஜெக்டில் போட்டால் திரை முழுக்க எச்சரிக்கை கொட்டும், அதனால் ரிங் பஃபர் இருக்கிற ஃபைலுக்கு மட்டுமாவது போடுங்கள். டெஸ்ட் எழுதும்போது அளவை 7 அல்லது 10 என்று வைத்து, head பூஜ்யத்தில் நிற்கும்போது முந்தைய இண்டெக்ஸ் என்ன வருகிறது என்று ஒரு வரி அச்சடித்துப் பார்த்தால் போதும்.